ஃப்ரீலான்ஸ் கோடு எழுதுகிறவர்களே, ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைப் பாருங்கள்: எனக்கு 1,40,000 ரூபாய் போனது

கோபத்தில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை, வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துக் கொடுக்கும் ஒரு தளம், அதன் வழியாக வந்த பெங்களூரு சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று, நடுவில் நான். வரவேண்டிய பாக்கி 1,40,000 ரூபாய். அதைவிட எரிச்சல், நான் எழுதிய கோடு இன்று என்னுடையது இல்லை என்று அவர்கள் சொல்வது. அதைவிடப் பெரிய எரிச்சல், பாதிக்கு மேல் அவர்கள் சொல்வது சட்டப்படி சரி என்பது.

வேலை இதுதான். ஜவுளி மொத்த வியாபாரக் கடைகளுக்கு ஸ்டாக், பில்லிங் மென்பொருள். மொத்தம் 2,80,000 ரூபாய், 70,000 வீதம் நான்கு தவணை. கம்பெனி முதலாளி முதல் வீடியோ காலிலேயே, "தம்பி மதுரையா? நான் திருமங்கலம்தான்யா, நம்ம ஊருப் பையன்னு தெரிஞ்சுதான் உங்க ப்ரொஃபைலை எடுத்தேன்" என்றார். அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோது காளவாசல் பக்கம் ஒரு ஹோட்டலில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். என் அப்பாவின் கடை எது, எந்தத் தெரு என்றெல்லாம் விசாரித்தார். ஒப்பந்தத்தை அங்கேயே லேப்டாப்பில் காட்டினார், பதினோரு பக்கம். "இதெல்லாம் அமெரிக்கக் கிளையண்டுக்காக வெச்சிருக்கிற டெம்ப்ளேட் தம்பி, சும்மா பார்மாலிட்டி. உங்க பணத்துக்கு நான் பொறுப்பு." அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வாயால் கேட்டேன். பதினோரு பக்கத்தில் எங்கேயும் அது இல்லை.

முதல் இரண்டு தவணை சொன்ன தேதிக்கு வந்தது. மூன்றாவது தவணைக்கான வேலையை முடித்துக் கொடுத்தபோது, "கிளையண்ட் இன்னும் சைன்ஆஃப் தரலை, நீங்க நாலாவதையும் தொடங்கிடுங்க, ரெண்டையும் சேர்த்துப் போட்டுடறேன்" என்றார். முடித்தேன். அதற்கப்புறம் "அக்கவுண்ட்ஸ்ல இருக்கு", "ஆடிட்டர் ஊர்ல இல்ல", "தீபாவளி கழிச்சுப் பார்ப்போம் தம்பி". பிறகு அவர் போன் எடுப்பதையே விட்டுவிட்டார், ஒரு பெண் எடுத்து "சார் மீட்டிங்ல இருக்காங்க" என்றார். ஒரு நாள் காலையில் பார்த்தால் அவர்களுடைய கிட் ரெப்போவில் எனக்கு இருந்த அனுமதியை எடுத்துவிட்டிருக்கிறார்கள். சரி, மென்பொருளைக் கைவிட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன கடையில் தந்த பில்லைப் பார்க்கும்வரை. நான் வைத்த வரிசை, நான் வைத்த இடைவெளி, தமிழ் எழுத்து ஒன்றுகூட உடையாமல்.

அந்தத் தமிழ் அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் இருக்கும் சாதாரண தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் தெரியாது, எழுத்தாக அனுப்பினால் குப்பையாக அடிக்கும். அதனால் ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து, புள்ளிகளாக மாற்றி அனுப்ப வேண்டும். அதற்கான மாட்யூலை இந்த வேலை வருவதற்கு வெகு காலம் முன்பே, விளக்குத்தூண் பக்கம் இருக்கும் மாமா கடைக்காக எழுதியிருந்தேன். வேறு கடைகளுக்கும் அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த வேலையிலும் அதையே எடுத்து வைத்தேன், எல்லா டெவலப்பரும் செய்வதுதான்.

பணம் கேட்டு மெயில் போட்டதும் அவர்கள் பதில் இப்படி வந்தது: கோடு முழுக்க கம்பெனியின் சொத்து, அச்சு மாட்யூலும் அதில் அடக்கம், நீங்கள் அதை வேறு கடைகளுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் நடவடிக்கை. 1,40,000 ரூபாயைப் பற்றி அந்த மெயிலில் ஒரு வரி இல்லை.

ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளையில் வக்கீலாக இருக்கும் அக்கா ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் கொண்டுபோனேன். அவர் நேராக உரிமை பற்றிய பத்திக்குப் போனார். அதில் இரண்டு வாக்கியம். முதல் வாக்கியம், நான் செய்வதெல்லாம் 'வொர்க் மேட் ஃபார் ஹையர்' என்று கருதப்படும் என்கிறது. இரண்டாவது, அப்படிக் கருத முடியாமல் போனால், வேலை உருவான கணத்திலேயே அதன் எல்லா உரிமைகளையும் உலகம் முழுதுக்கும், என்றைக்கும், இதன்மூலம் கம்பெனிக்கு மாற்றித் தருகிறேன் என்கிறது.

முதல் வாக்கியத்தைப் பார்த்து அக்கா சிரித்தார். அது அமெரிக்கச் சட்டத்தின் சொல், கூலிக்குச் செய்த வேலை என்று அர்த்தம், அப்படியென்றால் உரிமை தொடக்கத்திலிருந்தே செய்யச் சொன்னவருக்கு. நம் ஊரில் 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம், அதாவது காப்பிரைட் சட்டம். கணினி நிரலையும் அது இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. 17-வது பிரிவின்படி படைத்தவர்தான் முதல் உரிமையாளர். சம்பள வேலையில் இருப்பவர் அந்த வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளி உரிமையாளர், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாத வரை. நான் சம்பளக்காரன் இல்லை. பி.எஃப். கிடையாது, ஆபீஸ் கிடையாது, என் லேப்டாப், என் நேரம். காசு கொடுத்துப் போட்டோவோ ஓவியமோ சினிமாவோ செய்யச் சொன்னால் செய்யச் சொன்னவருக்கு உரிமை என்று ஒரு விதி இருக்கிறது. அந்தப் பட்டியலில் நிரல் இல்லை. ஆக, அந்த முதல் வாக்கியத்தை மட்டும் வைத்து அவர்களால் என் கோடை எடுத்திருக்க முடியாது.

அமெரிக்காவிலேயே அது ஃப்ரீலான்சரிடம் அவ்வளவு எளிதாகச் செல்லாதாம். ஊழியராக இல்லாதவர் செய்யும் வேலை, சட்டம் சொல்லும் ஒன்பது வகைக்குள் இருந்து, எழுத்தில் ஒப்பந்தமும் இருந்தால்தான் செல்லும். தொகுப்பு நூலின் ஒரு பகுதி, மொழிபெயர்ப்பு, பாடநூல், தேர்வுத்தாள், நிலப்பட நூல் என்று போகும் அந்த வரிசையில் மென்பொருள் தனியாக இல்லை. ஒரு சிற்பியின் வழக்கில் 1989-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே, அவர் ஊழியர் இல்லை, ஆகவே இது அந்த வகை வேலை இல்லை என்று சொல்லிவிட்டது. இது அமெரிக்க வக்கீல்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இரண்டாவது வாக்கியத்தைச் சேர்க்கிறார்கள்.

என்னைக் கவிழ்த்தது அந்த இரண்டாவது வாக்கியம். உரிமை மாற்றம், அசைன்மெண்ட். 19-வது பிரிவின்படி அது எழுத்தில், மாற்றித் தருபவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இருக்கிறது. இனிமேல் எழுதப்போகும் வேலைக்கும் முன்கூட்டியே மாற்றித் தரலாம், வேலை உருவானதும் அது அமலுக்கு வரும் என்று 18-வது பிரிவு சொல்கிறது. அதாவது நான் ராத்திரி உட்கார்ந்து எழுத எழுத, ஒவ்வொரு ஃபைலும் அவர்கள் பெயருக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பணம் வந்ததா என்ற கேள்வியே அந்த வரியில் இல்லை. வீட்டை முதலில் பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டுப் பாக்கிக்காக வாங்கியவர் வாசலில் நிற்கிற கதை. எனக்கு மிஞ்சியது 1,40,000 ரூபாய் கடன் பாக்கி மட்டும். அதற்குக் கேஸ் போட வேண்டுமென்றால் ஒப்பந்தப்படி பெங்களூரு கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

சட்டம் நமக்காக வைத்திருக்கும் தடுப்புகளும் உண்டு. காலம் எழுதாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருடம்தான். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரை, அது காலாவதி. நம் 'டெம்ப்ளேட்' அண்ணாச்சி மூன்றையும் அடைத்திருக்கிறார். அந்த ஒரு வருட விதியைச் சொல்லும் 19-வது பிரிவின் நான்காம் உட்பிரிவு பொருந்தாது என்று நம்பர் போட்டே எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் இருந்து அப்படியே எடுத்த டெம்ப்ளேட்டில் இந்தியச் சட்டத்தின் உட்பிரிவு எப்படி வந்தது? யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சேர்த்திருக்கிறார்கள். காளவாசலில் எனக்குச் சோறு போட்டபோது அவருக்கு இது தெரியும்.

அச்சு மாட்யூல் விஷயத்தில் மட்டும் அக்கா கொஞ்சம் தெம்பு கொடுத்தார். 'ஒப்படைக்கும் வேலையில் சேர்க்கப்பட்ட எல்லாப் பொருளும்' மாறும் என்று பத்தியில் இருப்பதைத்தான் அவர்கள் பிடித்துத் தொங்குகிறார்கள். ஆனால் எந்தப் படைப்பை மாற்றித் தருகிறோம் என்று உரிமை மாற்றப் பத்திரம் அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது சட்டம். என் பழைய மாட்யூலின் பெயர் ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. மாமா கடைக்காக எழுதியபோது போட்ட கமிட்டுகள் தேதியோடு என் சொந்த ரெப்போவில் இருக்கின்றன. வாதாடலாம், ஜெயிப்போம் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

தளத்தின் லட்சணத்தையும் சொல்கிறேன். அவர்களுடைய பொது விதியின்படி, பணம் கொடுத்த பிறகுதான் உரிமை கிளையண்டுக்குப் போகும். நல்ல விதி. ஆனால் இரு தரப்பும் தனியாக ஒப்பந்தம் போட்டிருந்தால் அதுதான் செல்லும் என்று அதே பக்கத்தில் கீழே இருக்கிறது. கடைசி இரண்டு தவணைக்கும் கம்பெனி முன்பணம் கட்டவே இல்லை, ஆகவே பிடித்து வைத்துக் கொடுக்க எங்களிடம் பணமில்லை என்றார்கள். என் மூன்று பக்கப் புகாருக்கு, "தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று தொடங்கும் மெயில், கூடவே ஐந்து ஸ்டார் கேட்டு ஒரு சுட்டி. கமிஷனை மட்டும் முதல் இரண்டு தவணையிலும் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 'உருவான கணத்தில்' என்று இருந்தால் அதை 'அந்தத் தவணையின் முழுத்தொகையும் வந்து சேர்ந்த பிறகு' என்று மாற்றச் சொல்லுங்கள். பணம் வரும்வரை சோதித்துப் பார்க்க மட்டும் அனுமதி, கடையில் ஓட்டக் கூடாது என்றும் சேருங்கள். மாற்ற மாட்டேன் என்பவர் எதற்காக மாட்டேன் என்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பழைய மாட்யூல்களைப் பெயரோடு ஒரு பின்னிணைப்பில் எழுதி, இவை என்னுடையவை, இந்த மென்பொருளுக்குள் பயன்படுத்த மட்டும் அனுமதி தருகிறேன் என்று போடுங்கள். வேலை கொடுத்தவர் தளத்தில் தவணைப் பணம் கட்டாமல் அடுத்த வேலையைத் தொடாதீர்கள். வேலை எடுக்கும் முன்பே, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். அது இருந்தால் பாக்கிக்காக நம் பக்கத்தில் சிறு தொழில்களின் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் கவுன்சிலிலேயே மனு போடலாம், வட்டியும் கேட்கலாம். பிரச்சினை வந்த பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்ப முடியாது என்று அக்கா சொன்னார்.

1,40,000 ரூபாய்க்கு நோட்டீஸ் போன வாரம் ஸ்பீட் போஸ்டில் போயிருக்கிறது. அச்சு மாட்யூலை மாமா கடையிலும் மற்ற கடைகளிலும் நிறுத்தவில்லை, நிறுத்தப் போவதுமில்லை. திருமங்கலத்துக்காரர் "நம்ம ஊருப் பையன்" என்று வேறு யாருக்காவது போன் போட்டிருந்தால், ஒப்பந்தத்தை அனுப்புங்கள், அந்தப் பத்தி எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்.