கண்டிஷனர், லீவ்-இன், ஹெயார் மாஸ்க்: மெல்லிய முடிக்கு எது, தடித்த முடிக்கு எது?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் சலூனுக்கு வரும் பெண்களில் பலர் தங்களுக்குத் தடித்த முடி என்றே சொல்வார்கள். பின்னலைப் பிடித்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் சீப்பில் வந்த ஒரு முடியை மட்டும் எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படாவிட்டால் அது மெல்லிய முடி. தையல் நூல் மாதிரி தெளிவாகத் தட்டுப்பட்டால் தடித்தது. தலை நிறைய அடர்த்தியாக இருந்தும் ஒவ்வொரு முடியும் மெல்லியதாக இருப்பது நம் பக்கம் சாதாரணம். பொருளைத் தவறாக வாங்குவது பெரும்பாலும் இவர்கள்தான்.

சாதாரண கண்டிஷனர் ஷாம்பூவுக்குப் பிறகு போட்டு அலசிவிடுவது. கழுவிய முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கும், சேதமான நுனியில் அது இன்னும் அதிகம். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னேற்றப் பொருள் அங்கே போய் ஒட்டிக்கொள்வதால்தான் சிக்கு எளிதாகப் பிரிகிறது. ஒன்றிரண்டு நிமிடம் போதும். மெல்லிய முடியோ தடித்த முடியோ, ஒவ்வொரு முறை ஷாம்பூ போடும்போதும் இதைப் போடலாம். அளவும் இடமும்தான் மாறும். மெல்லிய முடிக்குக் காதுக்குக் கீழே மட்டும், தோள் வரை நீளம் என்றால் ஐந்து ரூபாய் நாணயம் அளவு. தடித்த முடிக்கு அதைப் போல இரண்டு மடங்கு, தலைத்தோலுக்குக் கொஞ்சம் கீழேயிருந்து.

மாஸ்க் பெரும்பாலும் அதே வகைப் பொருட்கள்தான், கொழுப்பும் எண்ணெயும் கூடுதலாக, கெட்டியாக இருக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து அலச வேண்டும். ஒரு மணி நேரம் ஊறவைத்தால் பலன் பெருகும் என்பது நம்பிக்கை மட்டுமே. மாஸ்க் போடும் நாளில் கண்டிஷனர் தேவையில்லை. தடித்த, வறண்ட முடிக்கு வாரம் ஒரு முறை சரி. மெல்லிய முடிக்கு மாதம் ஒரு முறை போதும், சாயம் போட்டோ ஸ்ட்ரெய்ட் செய்தோ இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. முந்தைய இரவு தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் அந்த வாரம் மாஸ்க்கை விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்கு உள்ளேயே ஊறக்கூடியது, பாதி வேலையை அதுவே செய்துவிடும். (நுவரெலியாக் குளிரில் எண்ணெய் உறைந்திருந்தால் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தால் இளகும்.)

லீவ்-இன்னில்தான் மலைநாட்டுக் காலநிலையைப் பார்க்க வேண்டும். இதை அலசுவதில்லை. துண்டால் ஒற்றியெடுத்த ஈர முடியில் தடவி அப்படியே விடுவது, அதனால் ஒவ்வொரு முறையும் முடியிலேயே சேரும். மே மாதத்திலிருந்து ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழையும் பனிமூட்டமும். ஈரக் காற்றில் முடி நீரை இழுத்து உப்பும். தடித்த முடி பறந்து நிற்கும். அதற்குக் கிறீம் வகை லீவ்-இன் ஒவ்வொரு தலைக்குளியலுக்கும் நல்லது. மெல்லிய முடி அந்தக் கிறீமைத் தாங்காது, நெற்றியோடு ஒட்டிப் படுத்துவிடும். அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் வெயிலும் காய்ந்த காற்றும். அங்கே நுனி உரசிச் சிக்காகும், அதனால் மெல்லிய முடிக்கும் தண்ணீர் போன்ற ஸ்ப்ரே வகையை வாரம் ஒரு முறை, நுனிக்கு மட்டும் அடிக்கலாம்.

தலவாக்கலையில் அக்கா, தங்கை இருவர் ஒரே மாஸ்க் டப்பாவை வாரா வாரம் போட்டு, மேலே கிறீம் லீவ்-இன்னும் தடவி வந்தார்கள். தங்கைக்கு முடி பளபளத்தது. அக்கா, "தலை கழுவின அன்னைக்கே எண்ணெய் வச்ச மாதிரி இருக்கு" என்று என்னிடம் வந்தாள். அவள் பின்னல் தங்கையுடையதைவிடப் பருமன், ஆனால் ஒரு முடியை உருட்டினால் விரலுக்குத் தெரியவே இல்லை. நடு நீளத்தில் விரலால் இழுத்தபோது மெழுகு தடவியது போல வழவழத்தது. கழுவி, முழுக்கக் காய்ந்த முடியில் இப்படி இருந்தால் பொருள் படிந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் படிவு நீக்கும் ஷாம்பூவால் ஒரு முறை கழுவி, நுனிக்கு மட்டும் கொஞ்சம் கண்டிஷனர் போட்டோம். அப்புறம் லீவ்-இன்னை நிறுத்தச் சொன்னேன். மாஸ்க் மாதம் ஒரு முறை, அதுவும் ஷாம்பூவுக்கு முன்பு: ஈரமாக்கிய முடியின் கீழ்ப்பாதியில் பூசி, ஐந்து நிமிடம் கழித்து ஷாம்பூ. அப்படிச் செய்தால் கூடுதலாக ஒட்டியது ஷாம்பூவோடு போய்விடும். தங்கை பழையபடியே வாரம் ஒரு முறை போடுகிறாள், அவளுக்கு எதையும் மாற்றத் தேவைப்படவில்லை.