ஏழு நாள் பாட்டு: ‘ஆடலாம் பாடலாம்’ சரியா, ‘பூனை, பானை’ சரியா?

சேலத்துப் பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கிழமைப் பாட்டு கட்ட இரண்டு வழி. முதலாவது வினைச்சொல் ஜோடி:

திங்கள் அன்று ஓடலாம், ஆடலாம்
செவ்வாய் அன்று தேடலாம், பாடலாம்

கட்டுவது சுலபம், ‘லாம்’ விகுதியே இயைபைத் தந்துவிடுகிறது. ஆனால் திங்களையும் செவ்வாயையும் மாற்றிப் பாடினாலும் ஓசை கெடாது. பிள்ளை தப்பாகப் பாடுவது அதன் காதுக்கே தெரியாது.

இரண்டாவது பெயர்ச்சொல் ஜோடி. கிழமைக்கு அடுத்த சொல்லை மோனையாகப் போட்டால் வரி இடம் மாறாது:

திங்கள் திண்ணையில் பூனை, பானை
செவ்வாய் சேர்வராயன் மலை, இலை
புதன் புதுசாய்ப் பட்டம், வட்டம்
வியாழன் விரிச்ச பாய், நாய்
வெள்ளி வெல்லக் கட்டி, சட்டி
சனி சந்தையில் கூடை, ஆடை
ஞாயிறு நாளில் ஆட்டம், பாட்டம்

‘ஞா’வில் தொடங்கும் எளிய சொல் அதிகம் கிடைக்காது. ஞகரமும் நகரமும் மோனைக்கு இனம் என்பதால் ‘நாளில்’ போதும். (பானைக்குள் பூனை என்ன செய்கிறது என்று கேட்பார்கள், கேட்கட்டும்.)

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ‘வி’யும் ‘வெ’யும் மோனையில் ஒரே இனம்; ‘வெள்ளி விரிச்ச பாய்’ என்று பாடினாலும் ஒட்டிக்கொள்ளும். தகரமும் சகரமும் இனம் என்பதால் திங்கள், செவ்வாய் வரிகளுக்கும் இதே கதைதான். இந்த வரிகளுக்குச் சைகை சேர்க்கலாம்: உதாரணமாக, வியாழனுக்குப் பாய் விரிப்பது, வெள்ளிக்கு வெல்லம் நக்குவது. என் ஓட்டு இரண்டாவதுக்கே.