பென்டிரைவில் ஓடிய மல்டி வியூவை நம்பி டிவி வாங்கி ஏமாந்தேன்

மேட்ச் பார்ப்பதற்காகப் புது டிவி வாங்கப் போகிறவர்கள், அதுவும் "ஒரே திரையில நாலு கேமரா தெரியும் சார்" என்று கடையில் யாராவது சொல்லி வாங்கப் போகிறவர்கள், காசு கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் 34,000 ரூபாய் கட்டிய பிறகுதான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன்.

கோவையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். 43 அங்குல 4கே டிவி ஒன்றில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. திரை நான்காகப் பிரிந்து ஒன்றில் வழக்கமான காட்சி, ஒன்றில் ஸ்டம்ப் கேமரா, ஒன்றில் மேலிருந்து மைதானம், ஒன்றில் பேட்ஸ்மேன் மட்டும். நான் எந்த ஆப்பில் மேட்ச் பார்க்கிறேன் என்று கேட்ட விற்பனைப் பையன், "அந்த ஆப்லயும் இப்படித்தான் சார் வரும், டிவி மல்டி வியூ சப்போர்ட் பண்ணுது, பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க" என்று காட்டினான். போட்டிருந்தது உண்மைதான். ரிமோட்டை மட்டும் அவன் கடைசி வரை என் கையில் தரவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டிலிருந்த பழைய ஃபுல் எச்டி டிவியை 1,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பழைய டிவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

வீட்டில் ஆப்பைப் போட்டு, வருடச் சந்தாவும் கட்டி, மேட்ச் அன்று உட்கார்ந்தால் திரையைப் பிரிக்கிற பட்டனே இல்லை. கேமரா மாற்றும் மெனு இருந்தது. ஸ்டம்ப் கேமராவை அழுத்தினால் நான்கைந்து நொடி வட்டம் சுற்றிவிட்டு முழுத் திரையிலும் ஸ்டம்ப் மட்டும் வரும், மெயின் காட்சி போய்விடும். இதற்குப் பெயர் மல்டிகேம். 2023-இல் ஐபிஎல்லை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியபோது நம்மில் பலர் முதன்முதலாகப் பார்த்தோமே, அதே சங்கதி. ஒரு நேரத்தில் ஒரு வீடியோதான் ஓடுகிறது, எந்தக் கேமராவின் வீடியோ என்பதுதான் மாறுகிறது. ஆப் ஓடுகிற டிவியாக இருந்தால் இதற்குத் தனியாக எதுவும் தேவையில்லை. நான்கும் ஒரே நேரத்தில் தெரிவதுதான் மல்டி வியூ. கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், தெரிந்து செய்கிறார்களா தெரியாமல் செய்கிறார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

எரிச்சல் என்னவென்றால், அதே கணக்கில், அதே மேட்சில், என் போனில் பிரிக்கும் பட்டன் இருந்தது. ஆப்பின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால் "குறிப்பிட்ட சாதனங்களில் மட்டும்தான் சார்" என்றார்கள். டிவி கம்பெனியைக் கூப்பிட்டேன். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தச் சொன்னார்கள். திரை இரண்டாகப் பிரிந்தது, இடது பக்கம் செட்டாப் பாக்ஸ், வலது பக்கம் என் போன் திரை. "வேலை செய்யுது பாருங்க சார்" என்றார் அந்தப் பெண். பெட்டியில் அச்சடித்திருந்த மல்டி வியூ இதுதானாம்! எச்டிஎம்ஐ வழியாக வருவதையும் போனிலிருந்து வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது டிவியின் வசதி. ஒரே ஆப்புக்குள் நான்கு கேமராவைக் காட்டுவது ஆப்பின் வசதி. பெயர் ஒன்றாக இருப்பதால் பெட்டியில் எழுதியிருந்தது பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் அக்கா மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். செட்டாப் பாக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறவன். அவன் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஆப்பில் மல்டி வியூ இரண்டு விதமாக வருமாம். ஒன்று, நான்கு காட்சிகளையும் கம்பெனிக்காரர்கள் தங்கள் சர்வரிலேயே ஒட்டி ஒரே வீடியோவாக அனுப்புவது. அமெரிக்காவில் யூடியூப் டிவி 2023-இல் தொடங்கியபோது இப்படித்தான் செய்தது. டிவியைப் பொறுத்தவரை அது சாதாரண ஒற்றை வீடியோ, அதனால் சுமாரான டிவியிலும் ஓடும். எந்த மேட்சோடு எந்த மேட்ச் சேரும் என்பதை அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பார்கள் என்பதுதான் குறை. நாமாக ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க முடியாத மாதிரி இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

இன்னொன்று, நான்கு வீடியோவும் தனித்தனியாக வந்து, நம் வீட்டுச் சாதனமே நான்கையும் ஒரே நேரத்தில் பிரித்துக் காட்டுவது. ஆப்பிள் டிவி 4கே பெட்டியில் வருகிற மல்டி வியூ இப்படி, நான்கு வரை போகும். நான் சந்தா கட்டிய ஆப்பும் இந்த வகை. இங்கேதான் டிவியின் சிப் முக்கியமாகிறது. சுருக்கி வருகிற வீடியோவை விரிக்கிற பகுதிக்கு டிகோடர் என்று பெயர். ஒரே நேரத்தில் எத்தனை வீடியோவை அது கையாளும் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது.

நான் உடனே கேட்டேன். "4கே என்றால் நாலு ஃபுல் எச்டிக்குச் சமம்தானேடா, 4கே ஓடுகிற டிவியில் நாலு எச்டி ஏன் ஓடாது?" கணக்கு சரிதான் மாமா என்றான். 3840-க்கு 2160 என்பது சரியாக நான்கு 1920-க்கு 1080. ஆனால் அத்தனை புள்ளிகளை ஒரே வீடியோவாக விரிக்கிற சக்தி இருப்பதும், நான்கு தனி வீடியோக்களை மாறி மாறி எடுத்து விரிப்பதும் வேறு வேறு வேலை. டிவி சிப்பை ஒரு படத்தை நன்றாகக் காட்டத்தான் செய்கிறார்கள். போன் சிப்புக்கு வீடியோ காலில் பத்து முகம் காட்டுகிற வேலையும் இருப்பதால் அங்கே வரம்பு தாராளம். அதனால்தான் போனில் பட்டன் வந்தது.

இதற்கு மேல் ஒரு பூட்டும் இருக்கிறது. சந்தா கட்டிப் பார்க்கிற மேட்ச் பூட்டிய வீடியோவாகத்தான் வரும், யாரும் பதிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக. அதை சிப்பின் பாதுகாப்பான பகுதிக்குள் மட்டுமே விரிக்க முடியும். சாதாரண வீடியோ இரண்டு மூன்று ஓடுகிற டிவியில்கூட, பூட்டிய வீடியோ ஒன்றுதான் ஓடும் என்று இருக்கலாம். ஆப் இதைப் பார்த்துவிட்டு, முடியாத டிவியில் பட்டனையே மறைத்துவிடுகிறது.

என் டிவி ஆண்ட்ராய்டு என்பதால் நேரடியாகவே பார்த்துவிடலாம் என்றான். செட்டிங்ஸில் டிவியைப் பற்றிய பகுதிக்குப் போய், பில்ட் என்று இருக்கிற வரியை ஏழு முறை அழுத்தினால் டெவலப்பர் மெனு திறக்கும். அதில் டீபக்கிங்கை ஆன் செய்துவிட்டு, அதே வைஃபையில் இருக்கிற லேப்டாப்பிலிருந்து, ஆண்ட்ராய்டு சாதனங்களோடு பேசுகிற adb என்கிற கருவி வழியாக இதை அடித்தான் (எண் உங்கள் டிவியின் ஐபி):

```
adb connect 192.168.1.23:5555
adb shell cat /vendor/etc/media_codecs.xml
```

நீளமாக ஓடியது. அதில் பார்க்க வேண்டியது, பூட்டிய வீடியோவுக்கான, பெயர் `.secure` என்று முடிகிற டிகோடருக்குக் கீழே இருக்கும் ஒரு வரிதான். என் டிவியில் இப்படி இருந்தது:

```
<Limit name="concurrent-instances" max="1" />
```

ஒன்று. நான்கு இல்லை, இரண்டுகூட இல்லை. இது டிவிக்காரர்களே எழுதி வைக்கிற உச்ச வரம்பு. இரண்டு மூன்று என்று போட்டிருந்தாலும் பெரிய வீடியோக்களில் அதற்கும் குறைவாகத்தான் ஓடலாமாம். சில டிவிகளில் இந்த விவரம் வேறு கோப்பில் இருக்கும். ஆண்ட்ராய்டு இல்லாத டிவிகளில் இப்படிப் பார்க்கவே முடியாது. அவற்றில் ஆப்புகள் பெரும்பாலும் பிரவுசரில் ஓடுவது மாதிரி ஓடுவதால், ஒரு நேரத்தில் ஒரு வீடியோதான் என்று நினைத்துக்கொள்வது நல்லது. சாப்ட்வேர் அப்டேட்டில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிப்பில் இல்லாததை அப்டேட் கொண்டுவராது. ஆப்காரர்கள் சர்வரில் ஒட்டி அனுப்பத் தொடங்கினால்தான் உண்டு.

அப்படியென்றால் கடையில் ஓடியது? மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். டிவிக்குப் பின்னால் ஒரு பென்டிரைவ். யாரோ முன்பே நான்கு கட்டமாக வெட்டி ஒட்டிய வீடியோ, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அதே விக்கெட் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான் ஒரு நிமிடம் கூட நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேனேஜர் அசரவில்லை. "டிவியில கோளாறு இல்லையே சார், எப்படி ரிட்டர்ன் எடுக்கிறது?" அந்தப் பையன் வாயால் சொன்னதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பெட்டியின் படம், பில், ஆப்பின் உதவிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கொடுத்தாயிற்று. அதன் பிறகு கடையிலிருந்து 1,000 ரூபாய் கூப்பன் தருவதாகப் போன் வந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். இதுவரை அவ்வளவுதான்.

உண்மையில் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. மல்டி வியூவுக்கு டிவியை மாற்றவே தேவையில்லை. ஆப்பின் உதவிப் பக்கத்தில் பெயர் சொல்லியிருக்கிற ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றை வாங்கி எச்டிஎம்ஐயில் செருகினால், நான்கு வீடியோவையும் விரிக்கிற வேலையைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். டிவி வெறும் திரைதான். 4கே தரத்தில் வேண்டுமென்றால் டிவியின் அந்த எச்டிஎம்ஐ துளை எச்டிசிபி 2.2 என்கிற காப்பு முறையை ஏற்க வேண்டும், சில டிவிகளில் எல்லாத் துளைகளும் ஏற்பதில்லை, கையேட்டில் போட்டிருக்கும். ஃபுல் எச்டி போதுமென்றால் அதுவும் தேவையில்லை. அதாவது நான் 1,500-க்குத் தள்ளிய பழைய டிவியே போதும். கட்டம் ஒவ்வொன்றும் 960-க்கு 540 புள்ளிகள்தான் வரும், ஸ்கோர் எழுத்து கொஞ்சம் மங்கும். ஆனால் 43 அங்குலத்தை நான்காக்கினால் ஒவ்வொன்றும் 21 அங்குலச் சொச்சம்தான், சோபாவிலிருந்து பார்க்க அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இன்டர்நெட் பக்கம் மட்டும் நான்கு வீடியோவின் வேகத்தையும் கூட்டிக் கணக்குப் போட வேண்டும். ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் என்றால் 20, அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.

போன ஞாயிறு மச்சானுக்கு டிவி பார்க்க வேறொரு கடைக்குப் போனோம். அங்கேயும் நான்கு கட்டம் ஓடியது. நான் விற்பனைப் பையனிடம், "தம்பி, அந்தப் பின்னாடி இருக்கிற பென்டிரைவை எடுத்துட்டு, என் போன் ஹாட்ஸ்பாட்ல ஆப்பைத் திறந்து காட்டுப்பா, ரிமோட்டை மட்டும் என்கிட்ட குடு" என்றேன்.

"அதை எடுத்தா டெமோ நின்னுடும் சார்" என்றான்.