தட்டி முறிக்கும் காற்று, ஏங்கும் காற்று: எந்த எழுத்து எந்த மனநிலையைத் தரும்?

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர் வட்டாரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழில் எழுதுகிற எல்லோருமே ஒரு கட்டத்தில் காற்றைப் பற்றி எழுதிவிடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் அப்படி. மார்கழி பிறந்துவிட்டால் கிழக்கேயிருந்து வறண்ட காற்று பனைமரங்களை உலுக்க ஆரம்பிக்கும். அதே காற்று, அதே பனை. இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம்.

முதல் வகை:

முட்டித் தட்டிப் பனைமட்டை முறித்துக்
கொட்டிப் புழுதி கிளப்பிற்று காற்று

இரண்டாவது:

நீளும் ஓலை நிலவில் ஆட
ஏனோ மேலே ஏங்கும் காற்று

இரண்டிலும் அடிக்கு நான்கு சீர்தான். முதலாவதில் கோபம் இருக்கிறது, இரண்டாவதில் தனிமை. பொருள் பாதி வேலையைச் செய்கிறது, சரி. மீதிப் பாதியை ஓசை எப்படிச் செய்கிறது என்பதுதான் கேள்வி.

தொல்காப்பியம் செய்யுளியலில் வண்ணம் எனப்படும் ஓசை வகைகள் இருபதைச் சொல்கிறது. அதில் வல்லெழுத்து மிகுந்து வருவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம், இடையெழுத்து மிகுந்தால் இயைபு வண்ணம். நெடில் பயின்றால் நெடுஞ்சீர் வண்ணம், குறில் பயின்றால் குறுஞ்சீர் வண்ணம். இதைப் படித்துவிட்டுப் பலரும் க, ச, ட, த, ப, ற எத்தனை வருகிறது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். கண்ணால் எண்ணினால் ஏமாந்துபோவோம். இந்த வரியைப் பாருங்கள்:

இடையில் அகலும் நதியின் முகம்

சீருக்கு ஒன்றாக நான்கு வல்லின எழுத்துகள் இருக்கின்றன. வாய்விட்டுச் சொன்னால் ஒன்றுகூட வன்மையாக ஒலிப்பதில்லை. தமிழில் வல்லினம் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக வந்தால் இளகிவிடும். மெல்லின ஒற்றுக்குப் பின்னாலும் அப்படித்தான்: 'ஏங்கும்' என்பதில் உள்ள ககரம் 'கல்' என்பதில் உள்ளதைப் போல இறுகி நிற்பதில்லை. வல்லினம் வல்லினமாகவே ஒலிப்பது பெரும்பாலும் சொல்லின் முதலில் வரும்போதும், இன்னொரு வல்லின ஒற்றின்மேல் ஏறி வரும்போதும்தான். ஆகவே எண்ண வேண்டியது எழுத்தை அல்ல, இரட்டிப்பை.

முதல் வகையில் அப்படி எண்ணினால் பன்னிரண்டு இடங்கள் தேறும். முட்டி, தட்டி, மட்டை, முறித்து, கொட்டி, கிளப்பிற்று (இதில் இரண்டு), காற்று என்று சொல்லுக்குள்ளேயே எட்டு. மீதி நான்கு எங்கே? சந்தியில். 'முட்டித் தட்டி', 'தட்டிப் பனை', 'முறித்துக் கொட்டி', 'கொட்டிப் புழுதி' என்று சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில் ஒற்று மிகுந்து மூச்சை ஒரு கணம் அடைக்கிறது. சந்தி ஒற்றைப் போடாமல் 'முட்டி தட்டி பனைமட்டை முறித்து கொட்டி' என்று எழுதுகிறவர் இலக்கணப் பிழை மட்டும் செய்யவில்லை, இரட்டிப்புகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழற்றிவிடுகிறார். படித்துப் பார்த்தால் வரி தொளதொளவென்று ஆகிவிடுவது தெரியும்.

இரண்டாவது வகையில் வல்லினம் இரட்டிப்பது ஒரே இடத்தில், 'காற்று' என்ற சொல்லில். அதைத் தவிர்க்கத் தென்றல், வாடை என்று போகலாம். ஆனால் ஒன்று தெற்கு, மற்றொன்று வடக்கு; எங்கள் காற்றோ கிழக்கு. கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்று பெயர் இருந்தாலும் அது மழையைக் கொண்டுவருவது. ஓசைக்காகத் திசையை மாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. கடைசிச் சீரில் ஒரு அடைப்பு விழுந்தால் விழட்டும்.

ஆனால் இந்த இரண்டு வகைகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மெய்யில் இல்லை, உயிரில் இருக்கிறது என்பது என் கருத்து. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் குறுகிவிடுவதால் அதை விட்டுவிட்டு எண்ணினால், முதல் வகையில் நெடில் ஒன்றே ஒன்றுதான், 'கா'. இரண்டாவதில் நீ, ஓ, ஆ, ஏ, னோ, மே, லே, ஏ, கா என்று ஒன்பது. ஒரு சோதனை செய்யலாம். முதல் அடியை 'மோதி மோதிப் பனைமடல் சாய்த்து' என்று மாற்றுங்கள். பொருள் ஏறக்குறைய அதேதான், வன்முறையும் இருக்கிறது. ஆனால் மோ, மோ, சா என்று நெடில் நுழைந்ததும் ஆத்திரம் போய் ஒரு அலுப்பு வந்துவிடுகிறது. வெகுநேரமாக அடித்துக்கொண்டிருக்கும் காற்று அது.

நெடிலையும் வல்லொற்றையும் சேர்த்தால் இன்னொரு குணம். 'தட்டி' சட்டென்று முடிகிறது. 'சாத்தி', 'பூட்டி', 'ஆற்றாது' என்று சொல்லும்போது குரல் நீண்டு போய் முட்டி நிற்கிறது. அடக்கிவைத்த துக்கத்துக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மெல்லினம் நிறைந்த வரியைவிட இது நன்றாக வலிக்கும். துக்கம் என்றாலே மெல்லினம் என்று போகிறவர்களின் கவிதை தாலாட்டாகிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. மலையாளத்தில் படித்து வளர்ந்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மலையாளத்தில் மெல்லின ஒற்றை அடுத்து வரும் வல்லினம் பல சொற்களில் கரைந்தே போய்விடும். நம் 'வந்து' அங்கே 'வன்னு'. அந்தப் பழக்கம் உள்ள வாய் 'ஏங்கும்' என்பதைப் படிக்கும்போது ககரம் இன்னும் மெலியலாம். 'காற்று' நேர்மாறு. பேச்சுத் தமிழில் அது 'காத்து' என்று பல்லுக்கு வந்துவிடுகிறது. மலையாளத்திலோ நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள முகட்டைத் தொட்டு இறுக நிற்கும். ஒரே வரியை உள்ளூர்க் கவியரங்கில் இரண்டு பேர் படித்தால் இரண்டு வரி கேட்கும். எனவே மெலிய வேண்டிய இடத்தை 'ங்க', 'ந்த', 'ஞ்ச' ஆகியவற்றிடம் முழுதாக ஒப்படைக்காமல் நெடிலிடம் கொடுப்பது பத்திரம். நெடிலை இரண்டு பேரும் நீட்டித்தான் ஆக வேண்டும்.

ஓசைக்கு எல்லை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முத்தம், மெத்தை, தித்திப்பு எல்லாவற்றிலும் வல்லினம் இரட்டிக்கிறது, ஆனாலும் யாருக்கும் அடி விழுந்ததுபோல் இருப்பதில்லை. பொருள் ஒரு பக்கம் சாய்ந்தால்தான் ஓசை அந்தப் பக்கம் தள்ளும். தானாக அது எந்த மனநிலையையும் உண்டாக்குவதில்லை.

இரண்டில் எது என்று கேட்டால், காற்றுக் கவிதைக்கு நான் இரண்டையும் ஒட்டவைப்பேன்:

முட்டித் தட்டிப் பனைமட்டை முறித்து
மாலையில் ஏனோ ஏங்கும் காற்று

'முறித்துக்' என்பதில் இருந்த க் இங்கே தானாகவே போய்விட்டது, அடுத்த அடி மகரத்தில் தொடங்குவதால். அடைப்பு நீங்கிய அந்த இடத்திலேயே 'மா' என்ற நெடில் வந்து உட்காருகிறது; கோபம் தணிவது அந்த இடத்தில்தான் கேட்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை எதுகை. முட்டிக்கும் மாலைக்கும் எதுகை இல்லை. புதுக்கவிதைக்குப் பரவாயில்லை. மரபில் எழுதுகிறவர் இரண்டாம் அடியை 'எட்டும் மாலையில் ஏங்கும் காற்று' என்று தொடங்கி எதுகையைக் காப்பாற்றலாம். ஆனால் 'ட்ட' மறுபடி உள்ளே வந்துவிடும், தணிவு ஒரு சீர் தள்ளிப்போகும். நான் எதுகையை விட்டுவிடுவேன்.