80 பைசா வட்டியா, ஒரு ரூபாய் வட்டியா: சிறு வியாபாரிக்கு எந்த நகைக்கடன் உண்மையில் மலிவு?

தீபாவளிக்கு முன்னால் ஈரோட்டில் சரக்கு எடுக்கப் போகும் சின்ன ஜவுளிக் கடைக்காரர் ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நகை இருக்கிறது, அடகு வைக்க மூன்று இடங்களும் இருக்கின்றன. வங்கியில் நூற்றுக்கு மாதம் 80 பைசா, அதாவது ஆண்டுக்கு 9.6 சதவீதம். நகைக்கடன் கம்பெனியில் ஒரு ரூபாய் வட்டி, 12 சதவீதம். தெருமுனை அடகுக் கடையில் ஒன்றரை ரூபாய், 18 சதவீதம். இவை மாதிரிக்காக எடுத்துக்கொண்ட வீதங்கள்தான், உங்கள் ஊரில் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் கணக்குப் போடும் முறை எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

பார்த்தவுடன் வங்கிதான் மலிவு என்று தோன்றும். ஒரு வருஷம் முழுக்க வைத்திருந்தால் அது சரியும்கூட. ஆனால் சரக்கு விற்றதும் மூன்று மாதத்தில் நகையைத் திருப்பிவிடுகிற ஆளுக்கு அந்தப் பதில் பொருந்தாது.

முதலில் வங்கியையே பார்ப்போம். பரிசீலனைக் கட்டணம் ஒரு சதவீதம், 2,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 360. நகையை உரசிப் பார்க்கும் அப்ரைசருக்கு 500. ஆக 2,860 ரூபாய் முதல் நாளே பிடித்தம். சீட்டில் 2 லட்சம் என்று இருக்கும், உங்கள் கணக்கில் ஏறுவது 1,97,140தான். வட்டியோ முழு 2 லட்சத்துக்கும் மாதம் 1,600 போகும். இப்படி 12 மாதம் வட்டி கட்டிவிட்டு, கடைசியில் அசலைக் கட்டி மீட்டால், மொத்தச் செலவு 22,060 ரூபாய். கையில் வாங்கிய தொகையையும் மாதாமாதம் கையை விட்டுப் போகும் பணத்தையும் வைத்துக் கணக்கிட்டால் உண்மையான ஆண்டுச் செலவு 11.7 சதவீதம். 9.6 என்று சொன்னது எங்கே, 11.7 எங்கே.

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. வட்டியை வருஷக் கடைசியில் கட்டாமல் மாதாமாதம் கட்டுகிறீர்கள், அந்தப் பணம் வியாபாரத்தில் சுற்றாமல் வெளியே போய்விடுகிறது. அதனால் மட்டும் 9.6 என்பது சுமார் 10 ஆகிறது. மீதி 1.7 முழுக்க அந்த 2,860 ரூபாயின் வேலை. மாத வட்டியால் ஏறுவது கொஞ்சம்தான், கட்டணம்தான் ஆளை அடிக்கிறது.

அதே வங்கிக் கடனை மூன்றே மாதத்தில் மூடினால் என்ன ஆகும்? கட்டணத்தில் ஒரு பைசா திரும்பி வராது. 12 மாதத்தில் பரவ வேண்டிய 2,860 மூன்று மாதத்தின் தலையில் விழுகிறது, உண்மையான ஆண்டுச் செலவு 16.6 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. ஆறு மாதம் என்றால் 13.3.

வீட்டிலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ இப்படி அடித்தால் போதும். முதல் வரியை A1 கட்டத்தில் போடுங்கள், மாத வீதம் வரும். இரண்டாவது வரி அதை ஆண்டுச் செலவாக்கும். அதில் வரும் 12 என்பது வருஷத்தின் மாதங்கள், அதை மாற்ற வேண்டாம். முதல் வரியில் உள்ள 12-ஐ மட்டும் நீங்கள் வைத்திருக்கப் போகும் மாதங்களாக மாற்றுங்கள்.

```
=RATE(12,-1600,197140,-200000)
=(1+A1)^12-1
```

இனி ஒரு ரூபாய் வட்டிக் கம்பெனி. பரிசீலனைக் கட்டணம் கிடையாது, 2 லட்சம் முழுசாக வருகிறது, மாதம் 2,000 வட்டி. மூன்று மாதம் வைத்தாலும் பன்னிரண்டு மாதம் வைத்தாலும் உண்மையான ஆண்டுச் செலவு ஒரே அளவு, 12.7 சதவீதம். மூன்று மாதத்துக்கு ரூபாயில் பார்த்தால் இங்கே 6,000, வங்கியில் 7,660. ஆறு மாதத்துக்கு 12,000, 12,460, கிட்டத்தட்ட சமம். வருஷத்துக்கு 24,000, 22,060. இப்போதுதான் வங்கி முந்துகிறது.

எந்த இடத்தில் தராசு சாய்கிறது என்று பார்க்க எக்செல்கூட வேண்டாம். கட்டணத்தை, இரண்டு இடத்து மாத வட்டியின் வித்தியாசத்தால் வகுங்கள். 2,860-ஐ 400-ஆல் வகுத்தால் ஏழு மாதத்துக்குச் சற்று மேல். அதற்குள் திருப்பிவிடுவேன் என்றால் ஒரு ரூபாய் வட்டி மலிவு, அதைத் தாண்டும் என்றால் 80 பைசா மலிவு. வங்கி கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது என்றால் இந்தப் பேச்சே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வங்கிக்குப் போகலாம். சிறிய தொகைக்கும் பண்டிகைக் காலத்திலும் அப்படிச் செய்வதுண்டு, கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் அந்த ஒரு ரூபாய்க்குள் ஒரு கொக்கி இருக்கிறது. பல கம்பெனிகளில் உண்மையான வட்டி இரண்டு ரூபாய்; ஒவ்வொரு மாதமும் தேதி தவறாமல் கட்டினால் தள்ளுபடி போக ஒரு ரூபாய். 30 நாளைத் தாண்டினால் ஒன்றரை, 60 நாளைத் தாண்டினால் ஒன்றே முக்கால், 90 நாளானால் இரண்டு என்று படி வைத்திருப்பார்கள். படி ஏறும்போது தாமதமான நாளுக்கு மட்டும் கூட்டுவதில்லை, வட்டி பாக்கி தொடங்கிய முதல் நாளிலிருந்தே புது வீதம். சரக்கு விற்றதும் மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுப் போனால், 6,000 என்று நினைத்துப் போகிற இடத்தில் 12,000 கேட்பார்கள். உண்மையான ஆண்டுச் செலவு 26 சதவீதம். மூன்று இடத்திலும் மலிவாக இருந்தது, ஒரே ஒரு பழக்கத்தால் மூன்றிலும் அதிகமாகிவிடுகிறது.

அதனால் ஜவுளி மாதிரி பருவ வியாபாரம் செய்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: சரக்கு அலமாரியில் கிடக்கிற முதல் இரண்டு மாதம் வட்டி கட்டும் 2,000 எங்கிருந்து வரும்? தினசரி கல்லாவிலிருந்து எடுக்க முடியும் என்றால் சரி, முடியாது என்றால் கடன் வாங்கும்போதே 4,000-ஐச் சேமிப்புக் கணக்கில் தனியாக விட்டுவைத்து, தேதிக்குத் தானாகப் போகும்படி செய்துவிடுவது நல்லது. குறுஞ்செய்தி வரும் என்று நம்பி உட்காராதீர்கள். படி எப்படி ஏறுகிறது என்பது அடகுச் சீட்டில் சின்ன எழுத்தில் ஒரு பட்டியலாக இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லி, "90 நாள் கட்டலேன்னா மொத்தம் எவ்வளவு ஆகும், ரூபாயில சொல்லுங்க" என்று கேளுங்கள். சதவீதத்தில் பதில் வந்தால் விடாதீர்கள்.

அடகுக் கடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை ரூபாய் வட்டியில் முதல் மாத 3,000-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 1,97,000 தருவார்கள். மாதா மாதம் இப்படி முன்வட்டி கட்டினால் 18 என்பது 19.9 ஆகிறது. அதைவிடப் பெரிய அடி, மாதம் பிறந்தால் முழு மாத வட்டி என்கிற வழக்கம். மூன்று மாதமும் பத்து நாளும் ஆகி நகையைத் திருப்பப் போனால் நாலு மாத வட்டி, 12,000. ஆண்டுச் செலவு சுமார் 24 சதவீதம். அதே 100 நாளுக்கு நாள் கணக்கு வட்டியில் கம்பெனியில் 6,575, வங்கியில் கட்டணமும் சேர்த்து 8,120தான் ஆகும். ஒரு வேடிக்கை என்னவென்றால், பத்தே நாளில் திருப்பிவிடும் அவசரக் கடனுக்கு அடகுக் கடையில் 3,000 ஆகும், கட்டணம் பிடிக்கிற வங்கியில் 3,386! கம்பெனியில் 658. குறைந்தபட்ச வட்டி என்று இத்தனை நாளுக்கு வைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் நாம் ஏன் போட வேண்டும், அவர்களே எழுதித் தர வேண்டாமா என்று கேட்கலாம். தர வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுத்து, கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீத விகிதத்தை, அதாவது ஏபிஆரை, அதில் காட்ட வேண்டும். வட்டி வீதத்தைப் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் அது கடனை முழுத் தவணைக்கும் வைத்திருந்து, எல்லா வட்டியையும் தேதிக்குக் கட்டினால் வருகிற எண். 12 மாதச் சீட்டை மூன்று மாதத்தில் மூடுகிறவருக்கும், வட்டியைத் தள்ளிப்போடுகிறவருக்கும் அந்த எண் பொருந்தாது. அவரவர் கணக்கை அவரவர்தான் போட வேண்டும்.

வருஷத்தில் இரண்டு தடவை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடகு வைக்கிறவர்களுக்கு நாலாவதாக ஒரு வழியும் உண்டு. சில வங்கிகள் நகையின் மேல் ஓவர்டிராஃப்ட் தருகின்றன. நகை வருஷம் முழுக்க வங்கியில் இருக்கும், பணத்தை எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. வீதம் கொஞ்சம் கூட, 85 பைசா என்று வைப்போம், கட்டணம் அதே 2,860, ஆனால் வருஷத்துக்கு ஒரே தடவை. மூன்று மூன்று மாதமாக ஆறு மாதம் முழு 2 லட்சத்தையும் பயன்படுத்தினால் 10,200 வட்டியோடு சேர்த்து 13,060 ஆகிறது. சாதாரண வங்கிக் கடனை இரண்டு தடவை வைத்து எடுத்தால் கட்டணமும் இரண்டு தடவை, மொத்தம் 15,320. தேதி தவறாமல் கட்டினால் கம்பெனியில் 12,000.

ரூபாயில் பார்த்தால் இங்கேயும் கம்பெனிதான் மலிவு. ஆனாலும் நான் ஓவர்டிராஃப்டைத்தான் சொல்வேன். ஜவுளிக் கடையில் பணம் மூன்று மாதம் கழித்து ஒரே நாளில் வருவதில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அன்றாட வசூலை அப்படியே அந்தக் கணக்கில் போட்டால் அன்றிலிருந்தே வட்டி குறையும். மூன்று மாதமும் ஒரே சீராக விற்றால் சராசரி பாக்கி பாதிதான், 10,200 என்பது 5,100 ஆகி மொத்தம் 8,000-க்குள் முடிந்துவிடும். கம்பெனியிலும் அசலில் பகுதி கட்டலாம்தான், ஆனால் தினமும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கட்டுகிறவர் யார்? வசூலைக் கல்லாவிலேயே வைத்திருந்து வாரக் கடைசியில்தான் வங்கிக்குப் போவேன் என்கிறவருக்கு இந்த லாபம் கொஞ்சம் குறையும். நகையை இடையில் ஒரு கல்யாணத்துக்கு வீட்டுக்கு எடுத்துவர வேண்டியிருந்தால் ஓவர்டிராஃப்டே சரிப்படாது, கணக்கை முடித்தால்தான் நகை வெளியே வரும்.