இலாப ஈவா, பங்குகளைத் திரும்ப வாங்குவதா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

சென்ற ஆண்டு கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது, இரண்டு செம்பனை நிறுவனங்களில் ஒன்றின் பங்குகளை வாங்குவதென முடிவு செய்தேன். ஒரு நிறுவனம் இலாபத்தின் பெரும்பகுதியை ஆண்டுக்கு இருமுறை இலாப ஈவாகக் கொடுத்துவிடும். மற்றது ஈவைக் குறைவாகக் கொடுத்து, மீதிப் பணத்தில் தன் பங்குகளையே சந்தையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. நான் முதலாவதைத்தான் வாங்கினேன். ஆனால் அதற்கு நான் முதலில் நினைத்த காரணம் தவறானது என்று பின்னர் தெரிந்தது.

அந்தக் காரணத்தைச் சொன்னவர் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா. சாப்பாட்டுக் கடையில் தே தாரிக்கை ஆற்றியபடியே, "தம்பி, குலையை வெட்டித் தின்னலாம், மரத்தை வெட்டித் தின்னக் கூடாது" என்றார். ஈவு குலை, பங்கை விற்பது மரத்தை வெட்டுவது என்பது அவர் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குலையை வெட்டிய பிறகும் மரத்தின் மதிப்பு அப்படியே இருக்கும். ஈவு கொடுத்த பிறகு பங்கின் மதிப்பு அப்படி இருப்பதில்லை. ஈவு பெறும் உரிமை நீங்கும் நாளில், வேறெந்தச் செய்தியும் இல்லாவிட்டால், பங்கின் விலை ஏறக்குறைய அந்த ஈவின் அளவுக்கே இறங்கித் தொடங்கும். எனக்கு வந்த பணம் என் பங்கிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கிறது.

இதை 1961இல் முறையாக நிறுவியவர்கள் பொருளியல் அறிஞர்களான மெர்ட்டன் மில்லரும் பிராங்கோ மொடிக்லியானியும். வரி இல்லை, தரகுக் கட்டணம் இல்லை, நிறுவனத்தைப் பற்றி எல்லாருக்கும் ஒரே தகவல் தெரியும், நிறுவனத்தின் முதலீட்டுத் திட்டம் முன்பே முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், ஈவுக் கொள்கை பங்குதாரரின் செல்வத்தைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 10 லட்சம் பங்குகள் உள்ளன. தோட்டமும் ஆலையும் 90 லட்சம் ரிங்கிட் பெறும். கையிருப்பு ரொக்கம் 10 லட்சம் ரிங்கிட். ஆக, ஒரு பங்கு 10 ரிங்கிட். என்னிடம் 1,000 பங்குகள் இருக்கின்றன. ரொக்கம் முழுவதையும் ஈவாகக் கொடுத்தால், எனக்கு 1,000 ரிங்கிட் வரும், பங்கின் விலை 9 ரிங்கிட்டாகும், மொத்தம் 10,000 ரிங்கிட். அதே ரொக்கத்தில் நிறுவனம் 1 லட்சம் பங்குகளைத் திரும்ப வாங்கினால், மீதமுள்ள 9 லட்சம் பங்குகளுக்கு 90 லட்சம் ரிங்கிட் சொத்து நிற்கும், விலை அதே 10 ரிங்கிட்; நான் 100 பங்குகளை விற்றால் கையில் 1,000, பங்காக 9,000. இரண்டு வழியிலும் நான் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். ஈவு வேண்டுமென்றால் நானே பங்கை விற்று அதை உண்டாக்கிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் வந்த ஈவைக் கொண்டு மீண்டும் பங்கு வாங்கலாம்.

கடன் வாங்கிப் பங்குகளைத் திரும்ப வாங்குவதற்கும் இதே கதிதான். இருவரும் 1958இலேயே, கடனும் பங்கும் சேர்ந்த மூலதனக் கட்டமைப்பைப் பற்றி இதைச் சொல்லிவிட்டார்கள். 1 கோடி ரிங்கிட் பெறும் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் சம்பாதிக்கிறது, 10 லட்சம் பங்குகள் உள்ளன என்றால், பங்கொன்றுக்கு வருமானம் 1 ரிங்கிட். அது 5 விழுக்காட்டு வட்டிக்கு 40 லட்சம் கடன் வாங்கி 4 லட்சம் பங்குகளைத் திரும்ப வாங்கினால், வட்டி போக 8 லட்சம் மிஞ்சும். அதை 6 லட்சம் பங்குகளுக்குப் பிரித்தால் பங்கொன்றுக்கு 1.33 ரிங்கிட். அறிக்கையில் இந்த உயர்வைப் பார்த்து மகிழ்பவர்கள், செம்பனை எண்ணெய் விலை விழுந்து சம்பாத்தியம் 4 லட்சமாகும் ஆண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். கடனில்லாத நிறுவனத்தில் பங்கொன்றுக்கு 40 சென் கிடைக்கும்போது, கடன் வாங்கிய நிறுவனத்தில் 33 சென்தான் கிடைக்கும். கூடிய வருமானத்துக்கு ஈடாக ஆபத்தும் கூடியிருப்பதால் பங்கின் விலை 10 ரிங்கிட்டிலேயே நிற்கும்.

அப்படியானால் நான் ஏன் ஈவின் பக்கம் சாய்கிறேன்? மேற்கண்ட கணக்கு முழுவதும், திரும்ப வாங்கும் விலை சரியான விலை என்ற இன்னொரு அனுமானத்தின் மேலும் நிற்கிறது. அதே நிறுவனத்தின் பங்கு உண்மையில் 10 ரிங்கிட் பெறும்போது, சந்தை உற்சாகத்தில் 12.50 ரிங்கிட்டுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் ரிங்கிட்டுக்கு இப்போது 80,000 பங்குகள்தான் கிடைக்கும். மீதமுள்ள 9,20,000 பங்குகள் 90 லட்சத்தைப் பகிர்ந்துகொண்டால், பங்கொன்றுக்கு 9.78 ரிங்கிட்தான் நிற்கும். அந்த 22 சென், விற்காமல் இருந்த என்னிடமிருந்து விற்றுவிட்டுப் போனவருக்குச் சென்றுவிட்டது. விலை 8 ரிங்கிட்டாக இருக்கும்போது வாங்கினால் 1,25,000 பங்குகள் குறைந்து, எஞ்சிய பங்கொன்றின் மதிப்பு சுமார் 10.29 ரிங்கிட்டாகும், அப்போது ஆதாயம் எனக்கு. ஆக, திரும்ப வாங்கும் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர் அதன் இயக்குநர்களின் விலைக் கணிப்பையும் சேர்த்தே வாங்குகிறார். ஈவுக்கு அந்தக் கணிப்பு தேவையில்லை. பங்கு எந்த விலைக்கு விற்றாலும் 1 ரிங்கிட் ஈவு எல்லாருக்கும் 1 ரிங்கிட்தான்.

நான் தவிர்த்த நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பின்னோக்கிப் படித்தபோது கண்டதும் இதைத்தான். பர்சா மலேசியாவில் திரும்ப வாங்கும் நிறுவனம் அன்றைக்கே எண்ணிக்கையையும் விலையையும் அறிவிக்க வேண்டும். முந்தைய 5 நாள் சராசரி விலையைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. மொத்தப் பங்குகளில் 10 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த மாதங்களில் கையில் ரொக்கம் வழிந்தபோது அந்நிறுவனம் நிறைய வாங்கியிருந்தது. விலை சரிந்த மாதங்களில், ரொக்கம் வற்றியதாலோ என்னவோ, ஏறக்குறைய நின்றுவிட்டது. வாங்கிய பங்குகளையும் இரத்து செய்யாமல் கருவூலப் பங்குகளாக வைத்திருந்தது. அவற்றைப் பின்னர் சந்தையில் விற்கலாம் என்பதால், அறிவிப்பில் 'வாங்கிய' எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், வெளியில் நிற்கும் பங்குகள் ஆண்டுக்கு ஆண்டு உண்மையாகக் குறைகின்றனவா என்று ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டும்.

தரகுக் கட்டணமும் ஒரு சிறிய காரணம். 100 பங்கு விற்று 1,000 ரிங்கிட் எடுக்க எனக்கு ஏறத்தாழ 10 ரிங்கிட் செலவாகும். ஈவு செலவின்றி வங்கிக் கணக்கில் விழும். வரியைப் பொறுத்தவரை என் போன்றோருக்கு வேறுபாடு இல்லை: பங்கு விற்ற இலாபத்துக்குத் தனிநபர் வரி கிடையாது, ஆண்டுக்கு 1 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஈவுக்குத்தான் 2025 வரி ஆண்டிலிருந்து 2 விழுக்காடு வரி. அவ்வளவு ஈவு வாங்குபவர் வேறு கணக்குப் போடலாம். எனக்கு அந்த அனுபவம் இல்லை.

ஈவின் பக்கமும் ஒரு பொறி உண்டு. முதலீட்டுத் திட்டம் மாறாது என்ற அனுமானம் தோட்டத் தொழிலில் எளிதாக உடையும். செம்பனை மரம் ஏறக்குறைய 25 ஆண்டில் மறுநடவுக்கு வந்துவிடும். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டு ஈவை உயர்த்திக் காட்டும் நிறுவனம் பெரியப்பா சொன்னபடி மரத்தையே வெட்டித் தின்கிறது. அதனால் நான் வாங்கிய நிறுவனத்தின் ஆண்டறிக்கை வந்ததும் ஈவு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், மரங்களின் வயது அட்டவணையைத் தேடிப் பார்க்கிறேன். இந்த ஆண்டு 20 வயதைத் தாண்டிய மரங்களின் விகிதம் சற்றுக் கூடியிருக்கிறது. மறுநடவு ஏக்கர் கூடவில்லை. அடுத்த அறிக்கையிலும் அப்படியே இருந்தால், பாதியை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன்.