"கேஸ் தீர்ந்துவிட்டதா?": ஏசி சர்வீஸ் கேள்விகளைக் கரோசலாக்கிய அனுபவம்

ஏசி பழுதுபார்க்கும் சிறிய நிறுவனம் ஒன்றின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான் கவனித்து வருகிறேன். நான் வருவதற்கு முன்பே அங்கே ஒரு கரோசல், அதாவது ஒரே பதிவில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படங்களின் வரிசை, இருந்தது. 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று தலைப்பிட்டு, ஸ்லைடுக்கு ஒரு கேள்வியும் அடியில் இரண்டு வரிப் பதிலுமாகப் போட்டிருந்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் ஏசி குளிராமல் தவிக்கும் ஒருவர், மழைக்காலப் பராமரிப்பையும் வாரண்டியையும் கடந்து நான்காவது ஸ்லைடுக்கு வந்து தன் கேள்வியைத் தேடிப் பிடிக்கப் போவதில்லை. சில கோடைகளாக நாங்கள் பின்பற்றுவது வேறு முறை: ஒரு கேள்விக்கு ஒரு கரோசல்.

கேள்விகளை நாங்களாக யோசித்து எழுதுவதில்லை. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பும் முதல் செய்தியை அவர் எழுதியபடியே ஒரு தாளில் குறித்துக்கொள்கிறோம். தொலைபேசியை எடுப்பவரும் அப்படியே செய்கிறார். 'குளிரூட்டும் திறன் குறைவதற்கான காரணங்கள்' என்று யாரும் கேட்பதில்லை. "ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டதா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த வாக்கியமே முதல் ஸ்லைடு. நிறுவனத்தின் பெயர் கீழே சிறிதாக இருந்தால் போதும். ஒவ்வொரு ஸ்லைடிலும் தொலைபேசி எண் வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். கடைசி ஸ்லைடில் மட்டும் போடலாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

அதிகம் கைகொடுத்தது இந்த 'கேஸ்' கரோசல்தான். அதன் இரண்டாவது ஸ்லைடில் நேரடியான பதில்: "கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்." பதிலைக் கடைசி வரை ஒளித்து வைத்து ஆளை இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் ஸ்லைடைத் தள்ளாமல் கடந்து போனவருக்கு, இன்ஸ்டாகிராம் சில சமயம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடிலிருந்து மறுபடி காட்டுகிறது. அதனால் இரண்டாவது ஸ்லைடைத் தனியாகப் படித்தாலும் பொருள் விளங்க வேண்டும்.

மூன்றாவதில் ரிமோட். குளிர்விக்கும் நிலையில் இல்லாமல் விசிறி நிலையிலோ ஈரப்பதம் நீக்கும் நிலையிலோ கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். நான்காவதில் ஃபில்டர். கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வலை வழியே வெளிச்சம் வர வேண்டும். வராவிட்டால் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டலாம். ஐந்தாவது ஸ்லைடு பனிக்கட்டி பற்றியது. உள் யூனிட்டின் காயிலில் பனி படிந்திருந்தால் சுரண்டக் கூடாது. குளிர்விப்பதை நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் ஓடவிட்டு உருகவிட வேண்டும். காற்றோட்டம் அடைபட்டாலும் பனி படியும், கேஸ் குறைந்தாலும் படியும். சுத்தமான ஃபில்டரோடு ஓட்டியும் மறுபடி படிந்தால் எங்களை அழைக்கலாம்.

ஆறாவதில் வெளி யூனிட். நின்ற இடத்திலிருந்து பார்க்க முடிந்தால் விசிறி சுற்றுகிறதா, காயிலில் தூசு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவே. மூடியைத் திறக்கக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம், ஏனென்றால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஏழாவது ஸ்லைடு: "கேஸ் நிரப்ப வேண்டும் என்று யார் சொன்னாலும், கசிவு எங்கே என்று கேளுங்கள்." எட்டாவதில், அழைக்கும்போது சொல்ல வேண்டியவை: எப்போதிலிருந்து, பனி இருந்ததா, விசிறி சுற்றியதா, மாடல் ஒட்டியின் படம்.

"எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் யார் நம்மைக் கூப்பிடுவார்கள்?" என்று பணியாளர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஃபில்டர் அடைப்புக்காக வரும் அழைப்புகள் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த அழைப்புகளில்தான் சண்டையே வரும். ஆள் போய் ஃபில்டரைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருகைக் கட்டணம் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? இப்போது வருகிறவர்களில் பலர், "ஃபில்டர் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் பனி படிகிறது" என்று சொல்லிவிட்டே அழைக்கிறார்கள். கசிவு சோதிக்கும் சாமான்களோடு ஆளை அனுப்பிவிடலாம், இரண்டாவது நடை மிச்சம்.

காலப்போக்கில் புரிந்த ஒன்று: பதிவிட்ட கரோசலில் ஒரு படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் திருத்திய படத்தை வைக்க முடியாது. கீழே எழுதும் விளக்கத்தை மட்டும் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். எனவே கட்டணம், வேலை நேரம், சலுகை போன்ற மாறக்கூடிய எதையும் படத்தில் ஏற்றுவதில்லை. பழைய கரோசலில் கட்டணம் படத்திலேயே இருந்தது. அதைத் திரைப்பதிவு எடுத்து வைத்திருந்தவர்கள் வெகுநாள் கழித்தும் அந்தத் தொகைக்கே வாதாடினார்கள். கேள்வியை விளக்கத்தின் முதல் வரியிலும் எழுத்தாகத் தட்டச்சு செய்துவிடுகிறோம். தேடுகிறவருக்கு அது உதவும், படத்துக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

வடிவமைப்பில் சொல்ல அதிகம் இல்லை. 1080 × 1350 அளவில் செய்கிறோம். முதல் ஸ்லைடின் விகிதம்தான் மற்றவற்றுக்கும், எனவே எல்லாவற்றையும் ஒரே அளவில் வைப்பது நல்லது. பக்கத்தின் கட்ட வரிசையில் இரு ஓரமும் சற்று வெட்டுப்படும். வலது மேல் மூலையில் ஸ்லைடு எண் வந்து உட்காரும். அந்த இடங்களில் எழுத்து வேண்டாம். தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: சில மென்பொருள்களில் சில எழுத்துருக்களைப் போட்டால் 'கொ', 'கெ' ஆகியவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். கணினித் திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும். படமாகச் சேமித்துக் கைபேசியில் ஒருமுறை வாசித்த பிறகே வெளியிடுகிறோம்.

விருப்பக்குறிகளை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஏசி ஃபில்டர் படத்துக்கு யார் இதயம் அனுப்பப் போகிறார்கள்? எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். அதைவிட நம்பகமான அளவுகோல், கரோசலைப் படித்த பிறகு வாடிக்கையாளர் கேட்கும் அடுத்த கேள்வி. பனி ஸ்லைடைப் படித்துவிட்டு, "உருகியதும் உடனே போடலாமா?" என்று பலர் கேட்டார்கள். அந்த ஸ்லைடில் ஒரு வரி குறைகிறது என்பது அதிலிருந்தே தெரிந்தது. பனி முழுவதும் உருகிய பிறகு, ஃபில்டரைச் சரிபார்த்துவிட்டுப் போடலாம் என்று விளக்கத்தில் சேர்த்தோம். அடுத்த கோடைக்குப் புதிதாக வெளியிட்டபோது படத்திலும் ஏற்றினோம்.

எல்லாக் கேள்வியும் இதற்குப் பொருந்தாது. திரையில் தோன்றும் பிழைக் குறியீடு என்ன சொல்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் குறியீடு மாறுவதால் அதைக் கரோசலாக்கினால் குழப்பமே மிஞ்சும். அதற்கு மாடல் படத்தை வாங்கிக்கொண்டு நேரில் பதில் சொல்கிறோம்.

இன்ஸ்டாகிராம் பக்கமே வராத வாடிக்கையாளர்களும் கணிசம். அவர்கள் கேட்டால் எட்டுப் படத்தையும் கொட்டுவதில்லை. தேவையான ஒரே ஒரு ஸ்லைடை, பெரும்பாலும் ஃபில்டர் ஸ்லைடை, வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதுகிறோம். ஸ்லைடுகளைத் தனித்தனியே படித்தாலும் புரியும்படி எழுதியிருப்பதால் இது சாத்தியமாகிறது.